நன்றியுரை என் தலையில்: 38 பேரையும் சொல்லணும், ஒருத்தரும் எழுந்து போகக் கூடாது

பாளை மருமகன் (திங்கள் இரவு)

எங்கள் காலனி குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு விழா வருகிற ஞாயிறு சாயங்காலம். அழைப்பிதழ் அச்சாகிக் கைக்கு வந்த பிறகுதான் 'நன்றியுரை' என்பதற்கு எதிரே என் பெயர் இருப்பதைப் பார்த்தேன். செயலாளரிடம் போய்க் கேட்டால், "மாப்ளை, ஊர் மருமகன் நீங்க சொன்னா யாரும் கோவிச்சுக்கிட மாட்டாங்க" என்கிறார். அதற்காகவே என்னைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

போன வருடம் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நன்றி சொன்னவர் தாளைப் பார்த்துத் தலை நிமிராமல் வாசித்தார். பத்தாவது பெயருக்கு எங்கள் வரிசை காலி. இருபதாவது பெயருக்குப் பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. முடிக்கும்போது, நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்த பையன் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவர் எப்போது முடிப்பார், அந்த மேடை நாற்காலிகளை எப்போது எடுக்கலாம் என்று.

இந்த வருடம் செயலாளர் கொடுத்த பட்டியலில் 38 பெயர்கள். மேடையில் உட்காருபவர்கள் 5, நன்கொடையாளர்கள் 14, நிர்வாகக் குழு 9, போட்டி நடுவர்கள் 4, பந்தல், சமையல், மைக்செட் என்று வேலை பார்த்தவர்கள் 6. ஒருத்தரை விடக் கூடாது. கூட்டம் தூங்கவும் கூடாது. கொஞ்சம் சிரிக்க வைத்தால் நல்லது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேரடி தம்பி (திங்கள் இரவு)

ரொம்ப எளிது அண்ணாச்சி. மூணு நிமிஷத்துக்கு மேல போகாதீங்க. பேரே சொல்லாதீங்க, 'அனைவருக்கும் நன்றி' போதும். போன்ல வர்ற ஜோக் நாலைந்து எடுத்து இடையில சொருகுங்க. கடைசியா 'இத்தனை நேரம் பொறுமையாக இருந்த உங்களுக்கு அல்வா கொடுக்கப் போகிறோம்' என்று முடித்தால் கைதட்டு நிச்சயம்.

ஓய்வு எழுத்தர் (செவ்வாய் காலை)

ஐயா, தாங்கள் முதலில் கவனிக்க வேண்டியது வேறு. நன்றி என்பது தீர்மானமாகக் கொண்டுவரப்பட வேண்டும். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, அவையோர் கையுயர்த்தி ஆதரிக்க, அதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும். நான் 31 வருடம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இதைத்தான் எழுதினேன். சிரிக்க வைப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

பாளை மருமகன் (செவ்வாய் காலை)

ஐயா, நீங்கள் சொல்வது பேரவைக் கூட்டத்துக்கு. அது போன மாதமே முடிந்தது. இது பாட்டு, கோலப்போட்டி, சாப்பாடு உள்ள விழா.

ஓய்வு எழுத்தர் (செவ்வாய் காலை)

விழாவானாலும் குறிப்பேடு குறிப்பேடுதான்.

கல்லிடை வாத்தியார் (செவ்வாய் மதியம்)

பள்ளிக்கூடத்திலும் ஊர்ச் சபாக்களிலும் நூறு நன்றியுரைக்கு மேல் சொல்லியிருப்பேன். அதில் முதல் இருபது, நீங்கள் போன வருடம் பார்த்த மாதிரிதான் இருந்திருக்கும்.

தம்பி சொன்ன மூன்று நிமிடம் பக்கத்தில் வருகிறது. நான் நான்கு என்பேன். ஆனால் பெயரே சொல்லாதீர்கள் என்றது நெல்லைச் சீமையில் நடக்காது. பெயர் வரும் என்றுதான் ஆட்கள் அதுவரை உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டத்தைப் பிடித்துவைத்திருக்கும் கயிறே அந்தப் பட்டியல்தான், அதை நாமே அறுக்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 'நமது காலனியின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற பொறியாளர், உயர்திரு இன்னார் அவர்களுக்கு எனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று ஒரு பெயரைச் சொல்ல எட்டு விநாடியாவது ஆகும். 38 பேருக்கு 304 விநாடி, அதாவது ஐந்து நிமிடம் வாலும் தலையும் மட்டும். அதே பெயரை வெறும் பெயராகச் சொன்னால் இரண்டு விநாடி. 38 பேருக்கு 76 விநாடி. மிச்சம் இரண்டரை நிமிடத்துக்கு மேல் உங்கள் கையில் இருக்கிறது. சிரிப்புக்கு அது தாராளம்.

ஆகவே நாலைந்து பெயரை ஒரே மூச்சில் சொல்லி, கடைசியில் ஒரு 'நன்றி' போடுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம். அப்புறம் அடுத்த நாலைந்து பெயர். பூக்கட்டுவது மாதிரி, எல்லாப் பூவுக்கும் தனித்தனி முடிச்சு போட்டால் மாலை எப்போது முடியும்?

அந்தச் 'சின்ன விஷயம்' போனில் வந்த ஜோக்காக இருக்கக் கூடாது. அது அவர்களுக்கும் வந்திருக்கும். அன்றைக்கு அந்த மண்டபத்தில் எல்லாரும் பார்த்த ஒன்றாக இருக்க வேண்டும். அழைப்பிதழின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும் பாருங்கள், அதையும் ஒரு பேனாவையும் சட்டைப் பையில் வையுங்கள். விழா தொடங்கியதிலிருந்து கண்ணில் படுவதை இரண்டு இரண்டு வார்த்தையாகக் குறியுங்கள். உதாரணமாக, குத்துவிளக்கு ஏற்றும்போது மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். மெழுகுவர்த்தி அணையும், மறுபடி பற்ற வைப்பார்கள், மறுபடி அணையும். மேடையில் ஐந்து பேரும் விளக்கைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் யாரோ ஒருவர் போய் விசிறியை நிறுத்துவார். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அவருக்கு நன்றி சொன்னால் அரங்கமே சிரிக்கும், ஏனென்றால் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை. இப்படி நான்கு கிடைத்தால் போதும். மாலை ஆறு மணிக்கு எழுதியது இரவு ஒன்பது மணிக்குச் சூடாக இருக்கும். வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போனது ஆறிப்போயிருக்கும்.

பெயர் வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்ற சண்டைக்கு ஒரு வழி உண்டு. மேடையில் இருப்பவர்கள் தவிர மற்றவர்களை அகர வரிசையில் வாசியுங்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'முன்னே பின்னே இருந்தால் அது உங்கள் அப்பா பெயர் வைத்த கோளாறு, என்னுடையது இல்லை' என்பேன் நான். பெரிய நன்கொடையாளர் கடைசியில் வந்தாலும் சிரித்துவிட்டுப் போவார்.

இன்னொன்று, 'இறுதியாக' என்ற வார்த்தையை ஒரு தடவைக்கு மேல் சொல்லாதீர்கள். நன்றியுரைக்கு அடுத்தது நாட்டுப்பண் என்று எல்லாருக்கும் தெரியும். 'இறுதியாக' காதில் விழுந்ததும் காலால் செருப்பைத் தேடுவார்கள். இரண்டாவது தடவை சொன்னால் எழுந்து நின்றுவிடுவார்கள். மூன்றாவது தடவைக்கு நீங்கள் முதுகுகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அல்வா ஜோக்கை மட்டும் விட்டுவிடுங்கள். சென்னையில் சொன்னால் சிரிப்பார்கள். நம்ம ஊரில் சொன்னால் 'எந்தக் கடை?' என்று கேட்பார்கள்.

தேரடி தம்பி (செவ்வாய் மதியம்)

சார்வாள், அல்வா ஜோக்குக்கு நான் சிரிப்பேன்.

அம்பை அக்கா (செவ்வாய் இரவு)

எங்கள் மகளிர் குழு விழாவில் நடந்ததைச் சொல்கிறேன். காலை நாலு மணிக்கு எழுந்து நானும் இன்னும் மூணு பேரும் வாசல் முழுக்கப் புள்ளிக் கோலம் போட்டோம். பன்னிரண்டு மணிக்கு அது மேலேயே விருந்தினர் காரை நிறுத்தினார்கள். சரி, போகட்டும். நன்றி சொன்னவர் கார் நிறுத்த இடம் கொடுத்தவருக்கு நன்றி சொன்னார். எங்களுக்கு 'மற்றும் மகளிர் அனைவருக்கும்'. அந்த 'மற்றும்' இன்னும் எனக்குள்ளே இருக்கிறது.

அதனால் தம்பி, உங்க 38 பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்க. கோலம், ஆரத்தி, பிள்ளைகளுக்கு டான்ஸ் பழக்கினது இதெல்லாம் யார் செய்தது? செயலாளர் கொடுத்த பட்டியலில் அது இருக்காது.

பாளை மருமகன் (செவ்வாய் இரவு)

எண்ணினேன் அக்கா. மூன்று. அதில் ஒருவர் தலைவரின் மனைவி. நாளைக்கு என் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கேட்டுவிட்டு வருகிறேன்.

பாளை மருமகன் (வியாழன் இரவு)

பட்டியல் இப்போது 45 ஆகிவிட்டது. வாத்தியார் கணக்குப்படி இரண்டு விநாடி வீதம் 90 விநாடி, தாங்கும் என்று நினைக்கிறேன். முன்கூட்டியே எழுதக்கூடியதை மட்டும் எழுதியிருக்கிறேன். பெயர்களை இங்கே எடுத்துவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

'அனைவருக்கும் வணக்கம். நான் பேசி முடிக்கும் வரை சமையல் அண்டாவின் மூடியைத் திறக்கக் கூடாது என்று தவசிப்பிள்ளையிடம் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். ஆகவே யாரும் அவசரப்பட வேண்டாம், அங்கே போனாலும் ஒன்றும் கிடைக்காது. (மேடையில் உள்ளவர்கள்.) நம் சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். ஈரடுக்குப் பாலத்தில் மேலே போவதா கீழே போவதா என்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டார் போல. (நன்கொடையாளர்கள், அகர வரிசை.) நம் பொருளாளருக்குத் தனி நன்றி. வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும். (நிர்வாகக் குழு.)'

தாமதம் என்பது இப்போதைக்கு என் ஊகம். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் விருந்தினர் அப்படித்தான் வந்தார்கள்.

கல்லிடை வாத்தியார் (வியாழன் இரவு)

அண்டா மூடி ஒப்பந்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே அந்த ஒப்பந்தத்தைப் போடுங்கள். நாட்டுப்பண் முடியும்வரை மூடியைத் திறக்க வேண்டாம், தட்டை எடுத்து வைக்க வேண்டாம் என்று அவரிடம் நேரில் சொல்லுங்கள். வாசனையோடு போட்டி போட்டு ஜெயித்த பேச்சாளரை நான் இதுவரை பார்த்ததில்லை.

விருந்தினர் தாமதத்தை அப்படியே சொல்லாதீர்கள். அவர் நம் வீட்டுக்கு வந்தவர். அதே விஷயத்தை நம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்: 'விருந்தினருக்கு நாங்கள் வழி சொன்ன லட்சணத்துக்கு அவர் இன்றைக்கே வந்து சேர்ந்ததுதான் ஆச்சரியம்.' தாமதமும் வந்துவிட்டது, பழியும் நம்முடையது, அவரும் சிரிப்பார்.

பொருளாளர் வரியை அடியோடு எடுத்துவிடுங்கள். வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பணம் வாங்கிக் கணக்கு வைப்பவரைப் பற்றி மைக்கில் சொல்லும் எந்தக் கேலியும் ஒரு ஆள் காதில் புகாராக விழும். மறுநாள் டீக்கடையில் 'மேடையிலேயே சொல்லிட்டாங்களே' என்பார்கள். கிண்டல் செய்ய முதல் ஆள் நீங்கள், அடுத்து விசிறி, மைக், மழை, அதற்கு அடுத்து முன்கூட்டிக் கேட்டுச் சம்மதித்த நிர்வாகி. விருந்தினர், பணம் கொடுத்தவர், சமைத்தவர், யாருடைய உடம்பு, யாருடைய சம்பாத்தியம் என்று எதையும் தொடக் கூடாது.

தேரடி தம்பி (வியாழன் இரவு)

இப்படி ஒவ்வொண்ணா எடுத்தா கடைசியில் விசிறி மட்டும்தான் மிஞ்சும். எங்க வட்டாரத்தில் பொருளாளரைக் கிண்டல் பண்ணாத விழாவே கிடையாது. அவரும் சிரிப்பார், அடுத்த வருஷமும் அவரே பொருளாளர்.

கல்லிடை வாத்தியார் (வெள்ளி காலை)

அவர் சிரிப்பார் தம்பி. வீட்டுக்குப் போய் என்ன செய்தார் என்று நீர் பார்க்கவில்லையே.

அம்பை அக்கா (வெள்ளி காலை)

பொருளாளரிடமே கேட்டுவிட்டால் என்ன? எல்லாரும் அவருக்காக ஏன் பேசுகிறீர்கள்?

பாளை மருமகன் (வெள்ளி இரவு)

கேட்டேன். பணத்தைப் பற்றி வேண்டாம் என்றார். 'வேணும்னா என் பையைப் பற்றிச் சொல்லுங்க' என்று அவரே கொடுத்தார். கக்கத்தில் ஒரு தோல் பை வைத்திருப்பார், குரூப் போட்டோவில்கூட அது இருக்கும். அதை எழுதிக்கொண்டேன்.

குறளில் எதைச் சொல்லித் தொடங்கலாம்? எல்லாரும் 108ஐத்தான் சொல்கிறார்கள்.

கல்லிடை வாத்தியார் (வெள்ளி இரவு)

108ஐயே சொல்லுங்கள், ஆனால் இரண்டாவது பாதியை. 'நன்றி மறப்பது நன்றன்று' என்பதோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அப்புறம்தான் வள்ளுவர் 'நன்றல்லது அன்றே மறப்பது நன்று' என்கிறார். நல்லதில்லாததை அன்றைக்கே மறந்துவிடு. அன்று நடந்த கோளாறுகளை எல்லாம் அந்தப் பாதியின் கீழே கொண்டுவந்துவிடலாம்: 'மைக் மூன்று தடவை ஊளையிட்டதை இன்றைக்கே மறந்துவிடும்படி வள்ளுவர் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.' மன்னிப்பும் ஆச்சு, சிரிப்பும் ஆச்சு. தொடக்கத்தில் வைக்காமல் முடிவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பாளை மருமகன் (ஞாயிறு நள்ளிரவு)

முடிந்தது! நான்கு நிமிடம் ஐம்பது விநாடி, மகன் போனில் படம் பிடித்திருக்கிறான். ஒன்பது பத்துக்குத் தொடங்கினேன். கடைசி வரிசையில் மூன்று பேர்தான் எழுந்து போனார்கள், அதில் ஒருவர் கைக்குழந்தைக்காரி.

அழைப்பிதழின் பின்பக்கம் ஏழு குறிப்பு தேறியது. வாத்தியார் சொன்ன வாக்கு அப்படியே பலித்தது; குத்துவிளக்கில் மூன்று தடவை மெழுகுவர்த்தி அணைந்தது. நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தால், தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு வந்து சுவிட்சை அமுக்கியது. 'இந்த விழாவுக்கு ஒளியேற்றியவர்கள் ஐந்து பேர், ஆனால் அந்த ஒளி நிலைக்கக் காரணம் தூணுக்குப் பின்னாலிருந்து வந்த ஒரு கை, அந்தக் கைக்கு நன்றி' என்றேன். அன்றைக்கு எழுந்த பெரிய சிரிப்பு அதுதான். மாறுவேடப் போட்டியில் பாரதியார் வேடம் போட்ட பிள்ளை மீசையைப் பாயசத்தில் விட்டதையும் சொன்னேன். பிள்ளையின் அம்மாவிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன்.

விருந்தினர் சரியான நேரத்துக்கு வந்து தொலைத்துவிட்டார். ஈரடுக்குப் பாலம் வீண். அதையே சொன்னேன், 'தாமதமாக வருவீர்கள் என்று நம்பி ஒரு ஜோக் எழுதி வைத்திருந்தேன், ஏமாற்றிவிட்டீர்கள்' என்று. அவர் மேடையிலேயே கைகூப்பி மன்னிப்புக் கேட்டார்.

கோலம் போட்டவர்கள், டான்ஸ் பழக்கியவர்கள் என்று எட்டுப் பெண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொன்னேன் அக்கா. 'மற்றும்' என்ற வார்த்தையே வரவில்லை.

பொருளாளர் பைக்கு அவர் சிரித்தார், பையைத் தூக்கியும் காட்டினார். அவருடைய மச்சினர்தான் சாப்பாட்டுப் பந்தலில் என்னோடு பேசவில்லை. சரி, தூங்கப் போகிறேன். கூட்டாஞ்சோறு பிரமாதம், எனக்குக் கிடைத்தது அடிப்பிடித்தது.

தேரடி தம்பி (திங்கள் காலை)

பார்த்தீரா சார்வாள், பொருளாளர் சிரித்தார்!

கல்லிடை வாத்தியார் (திங்கள் காலை)

மச்சினரையும் வாசித்தீரா தம்பி?

பாளை மருமகன் (திங்கள் இரவு)

ஒரு வில்லங்கம். நன்கொடையாளர் ஒருவர், வயது எழுபதுக்கு மேல், தன் பெயரை நான் சொல்லவே இல்லை என்று செயலாளரிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் பெயர் என் தாளில் இருக்கிறது. நான் வாசித்ததும் நன்றாக நினைவிருக்கிறது. நன்கொடையாளர் பட்டியலில் முதல் பெயரே அவருடையதுதான், 'அ'வில் தொடங்குவதால். பக்கத்தில் இருந்தவர்களும் கேட்கவில்லை என்கிறார்களாம். எப்படி இது?

சவுண்ட் சர்வீஸ்காரன் (திங்கள் இரவு)

இந்த இழையைப் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். சுரண்டைப் பக்கம் மைக்செட் தொழில், இருபது வருடத்துக்கு மேல் மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்கிறவன். ஒன்று கேட்கிறேன், அவர் பெயருக்கு முந்தின வரி என்ன?

பாளை மருமகன் (திங்கள் இரவு)

தூணுக்குப் பின்னாலிருந்து வந்த கை.

சவுண்ட் சர்வீஸ்காரன் (திங்கள் இரவு)

அப்போ விஷயம் அதுதான். ஜோக் விழுந்த இடத்தில் சிரிப்பு எழ ஒரு விநாடி, அடங்க நாலைந்து விநாடி ஆகும். மேடையில் நிற்கிறவருக்கு அது தெரியாது, படபடப்பில் அவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். பெயர் இரண்டே விநாடி. சிரிப்புக்குள் விழுந்த பெயர் கிணற்றில் போட்ட கல். அதுவும் தாளைப் பார்க்கக் குனிந்திருப்பீர்கள். குனிந்தால் வாய் மைக்கை விட்டு விலகும், சத்தம் பாதியாகிவிடும். நான் இங்கே ஏற்றலாம் என்றால், ஏற்றின உடனே ஊளையிடும்.

உங்கள் மகன் பிடித்த படத்தைப் போட்டுப் பாருங்கள். பெயர் கேட்காது.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். ஜோக் முடிந்ததும் பெயருக்குப் போகாதீர்கள். வீணாய்ப் போனாலும் பரவாயில்லாத ஒரு வரி வையுங்கள், 'அடுத்ததாக நம் விழாவுக்குப் பொருளுதவி செய்த பெரியவர்கள்' என்கிற மாதிரி. சிரிப்பு அதைத் தின்றுவிட்டு அடங்கும். அப்புறம் பெயர். தாளை மார்பளவுக்குத் தூக்கிப் பிடித்தால் முகம் குனியாது. மைக்குக்கும் வாய்க்கும் நாலு விரல் இடைவெளி போதும். மைக்கைக் கையால் தட்டிப் பார்க்காதீர்கள், ஊதாதீர்கள், அது உங்கள் முதல் வரியை விட நன்றாகக் கேட்கும்.

பாளை மருமகன் (திங்கள் இரவு)

படத்தைப் போட்டுப் பார்த்தேன். 'நன்றி' என்கிறேன், சிரிப்பு, என் உதடு அசைகிறது, அப்புறம் இரண்டாவது நன்கொடையாளர் பெயர் தெளிவாகக் கேட்கிறது. முதல் ஆள் இல்லவே இல்லை. சிரிக்க வைக்காமல் வாசித்திருந்தால் இவர் பெயராவது கேட்டிருக்கும்.

கல்லிடை வாத்தியார் (செவ்வாய் காலை)

சவுண்ட் சர்வீஸ்காரர் சொன்னது எனக்கு இத்தனை வருடத்தில் தோன்றவில்லை. என் கூட்டங்களில் யார் யார் என்னிடம் பேசாமல் போனார்கள் என்று இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர் வீட்டுக்கு நேரில் போய் வாருங்கள். போனில் வேண்டாம். படத்தைக் காட்டி வாதாட வேண்டாம்.

அம்பை அக்கா (செவ்வாய் காலை)

நேரில் போவது உங்கள் மனதுக்கு ஆறுதல். ஊர் முன்னால் விட்டதை ஊர் முன்னால்தான் சொல்ல வேண்டும். சங்க வாட்ஸாப் குழுவிலாவது அவர் பெயரைத் தனியாகப் போடுங்க.

தேரடி தம்பி (செவ்வாய் காலை)

குழுவில் போட்டால் 'விட்டுப்போன ஒருத்தர்' என்று ஊருக்கே தெரியும் அக்கா. இப்போ பக்கத்து நாற்காலிக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

அம்பை அக்கா (செவ்வாய் காலை)

எனக்கு அன்றைக்கு யாராவது போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவ்வளவுதான்.

பாளை மருமகன் (செவ்வாய் இரவு)

போய்விட்டு வந்தேன். கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டுதான். திண்ணையில் உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். நான் சிரிப்பு, மைக், உதடு என்று எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் சொன்னார்: "பேரு வராதது கூடப் பெருசில்லப்பா. தூணுக்குப் பின்னால ஒரு கைன்னு சொன்னியே, சனம் பூரா சிரிச்சுது. அந்தக் கை எம் பக்கத்து நாற்காலிக்காரரோடதுன்னு இப்போ தெருவே பேசுது. ஃபேனை நிறுத்தினது நான்."

என்ன சொல்வது என்று தெரியாமல் மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இதைக் குழுவில் போடலாமா, கூடாதா என்று வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பக்கத்து நாற்காலிக்காரர் பாராட்டுகளை மறுக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறாராம்.

ஓய்வு எழுத்தர் (புதன் காலை)

குறிப்பேட்டில் எழுதியிருந்தால் யார் கை என்பது அன்றே பதிவாகியிருக்கும். முன்மொழிந்தவர் யார்?